நாலு வரைவு, ஒரே ஸ்கிரிப்ட்: ஒட்டுவதா, வெட்டி அடுக்குவதா, புதிதாக எழுதுவதா?

"நாலு பேர் எழுதின ஸ்கிரிப்ட் இருக்குண்ணா. நாலுமே நல்லாத்தான் இருக்கு. சேத்து ஒண்ணாக்கிட்டா போதும், ஒரு மணி நேர வேலை" என்றான் சத்துவாச்சாரித் தம்பி. மூன்று நாள் கேட்டேன். சிரித்தான். நாலு கோப்பையும் திறந்து, ஒரே தகவல் நாலிலும் எப்படி எப்படி வருகிறது என்று காட்டியதும் சிரிப்பு நின்றது.

இதே கேள்வியைக் குடியாத்தத்திலிருந்தும் ஆற்காட்டிலிருந்தும் வீடியோ எடுக்கும் பிள்ளைகள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நாலு வரைவை ஒன்றாக்க மூன்று வழி இருக்கிறது. எந்த வழி யாருக்குச் சரி என்பதை அந்தத் தம்பியின் ஸ்கிரிப்டை வைத்தே சொல்லிவிடுகிறேன். விஷயம் நம் ஊர் விஷயம்தான்: 1806 ஜூலை 10, வேலூர் சிப்பாய்க் கிளர்ச்சி. பன்னிரண்டு நிமிட வீடியோ.

## கையில் இருந்தவை

வரைவு அ, வரலாறு படித்த ஒரு பையன் எழுதியது. 1,480 சொல். 1805 நவம்பரில் வந்த தலைப்பாகை உத்தரவில் ஆரம்பித்து, கவர்னர் பெண்டிங்கை 1807இல் திருப்பி அழைத்ததுவரை காலவரிசையாகப் போகும். வரைவு ஆ, எடிட்டருடையது. 900 சொல். ஆற்காட்டிலிருந்து குதிரைப்படை புறப்படும் காலையில் தொடங்கி, அங்கிருந்து பின்னால் போகும். வரைவு இ, கேமரா முன் பேசும் பெண்ணுடையது. 1,150 சொல். கோட்டைக்குள் நடந்துகொண்டே பேசுவதுபோல எழுதியிருந்தார், அதில் இரண்டு துண்டு ஏற்கெனவே படம் எடுத்தாயிற்று. வரைவு ஈ, முதல் வரைவையே ஆறு நிமிடத்துக்குச் சுருக்கியது. 640 சொல்.

மொத்தம் 4,170 சொல். எங்கள் வாசிப்பில் தமிழ் நிமிடத்துக்கு 100 முதல் 110 சொல் போகும். அப்படியானால் பன்னிரண்டு நிமிடத்துக்கு 1,250 சொல் போதும். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வெளியே போகவேண்டும்.

## எதை வைத்து முடிவெடுப்பது

முதலில் கேட்க வேண்டியது, ஏதாவது படம் எடுத்தாயிற்றா, குரல் பதிவாயிற்றா என்று. எழுத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், கேமராவில் சொன்ன சொல்லை மாற்ற முடியாது. எடுத்த துண்டு ஒன்றுகூட இருந்தால் அது ஆணி அடித்த பலகை மாதிரி. மற்றவை அதைச் சுற்றித்தான் அமைய வேண்டும்.

இரண்டாவது, வரைவுகள் ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்தவையா, தனித்தனியே எழுதியவையா? ஈ என்பது அவின் குட்டி. இந்த இரண்டையும் ஒப்பிடுவது சுலபம், மென்பொருளே செய்துவிடும். ஆவும் இவும் அப்படி இல்லை. ஒரே நிகழ்ச்சியை வேறு ஆள், வேறு வரிசையில், வேறு சொல்லில் சொன்னவை.

மூன்றாவது, வரைவுகளுக்குள் தகவல் முரண் எவ்வளவு என்று பார்க்கவேண்டும். சும்மா நடை வேறா, இல்லை எண்ணும் தேதியும் பெயரும் வேறா?

நேரம் நாலாவது. அதை முதலில் வைக்கிறவர்கள்தான் பிறகு இரண்டு மடங்கு நேரம் செலவழிக்கிறார்கள்.

## பிழை எங்கே பிறக்கிறது

வழிகளுக்குப் போவதற்கு முன் இதைச் சொல்லியாக வேண்டும். நான்கு வரைவிலும் இல்லாத பிழை, சேர்க்கும்போது பிறக்கும். வரைவில் இருந்த பிழையைவிட இதுதான் தொல்லை. நான்கையும் தனித்தனியாகச் சரிபார்த்தாலும் இது கண்ணில் படாது.

அவில் ஒரு வரி: "அன்றிரவு கோட்டைக்குள் திப்புவின் மகளுக்குத் திருமணம்." அதற்கு முந்தைய வரி ஜூலை 9ஐப் பற்றியது. ஆகவே அன்றிரவு என்றால் 9ஆம் தேதி இரவு. சரியான வரி. தம்பி முதலில் தானாகவே ஒட்டிப் பார்த்திருந்தான். ஆவின் ஆரம்பத்தை எடுத்து, 10ஆம் தேதி காலை ஆற்காட்டில் குதிரைகள் புறப்படுவதை முன்னால் வைத்து, அதன் அடியில் அவின் திருமணப் பத்தியை ஒட்டிவிட்டான். இப்போது அன்றிரவு என்பது 10ஆம் தேதி இரவாகிவிட்டது. அதற்குள் கிளர்ச்சியே அடங்கிப்போயிருந்தது. சிப்பாய்கள் கூடுவதற்குச் சாக்காக இருந்த கல்யாணம், எல்லாம் முடிந்தபின் நடந்ததாக ஆகிவிட்டது. ஒரு எழுத்துகூட மாறவில்லை.

இன்னொன்று இவில் இருந்தது. திப்புவின் குடும்பம் இந்தக் கோட்டையில் சிறை இருந்தது என்பது உண்மை. கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனும் இங்கே சிறை இருந்தார் என்பதும் உண்மை. இரண்டையும் அடுத்தடுத்துச் சொன்னால் கேட்பவர் மனதில் இருவரும் பக்கத்துப் பக்கத்து அறையில் இருந்ததாக ஒரு படம் விழும். திப்புவின் குடும்பத்தை 1806 கிளர்ச்சிக்குப் பிறகு கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். கண்டி அரசரை இங்கே கொண்டுவந்தது 1816இல். இவர் வரும்போது அவர்கள் இல்லை.

ஆகவே ஒரு பத்தியை இடம் மாற்றும்போது நான் முதலில் தேடுவது சுட்டுச்சொற்களை: அன்று, மறுநாள், அவர், அங்கே, அதே, இப்போது பார்த்த, மேலே சொன்ன. இவை ஒவ்வொன்றும் தனக்கு முன்னால் இருந்த வரியைக் கை நீட்டிக் காட்டுகிறது. வரி இடம் மாறினால் கை வேறு யாரையோ காட்டும். ஆற்காட்டிலிருந்து படையோடு வந்த கில்லெஸ்பியைப் பற்றிய "அவர் கயிற்றைப் பிடித்து மதில்மேல் ஏறினார்" என்ற வரி, தளபதி கிராடக்கைப் பற்றிய பத்திக்கு அடியில் போய் உட்கார்ந்திருந்தது. சென்னை ராணுவத்தின் தலைமைத் தளபதி, வேலூர் மதிலில் தொங்கிக்கொண்டிருந்தார்.

## வழி 1: ஒன்றை அடிப்படையாக வைத்து ஒட்டுவது

பெரும்பாலோர் செய்வது இதுதான். நான்கில் நல்லது ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மற்ற மூன்றிலிருந்து பிடித்த வரிகளை அதில் செருகுவது.

வரைவுகள் கிளைத்தவையாக இருந்தால் இதை மிஞ்ச ஆளில்லை. வரைவு அ, ஈ இரண்டையும் கூகுள் டாக்ஸில் வைத்து `Compare documents` கொடுத்தால், எதை நீக்கினார்கள், எதைச் சேர்த்தார்கள் என்று வரிவரியாகக் காட்டிவிடும். பத்து நிமிட வேலை. ஆனால் ஒரு நேரத்தில் இரண்டைத்தான் ஒப்பிடும். ஒரு பத்தி இடம் மாறியிருந்தால் அதை நகர்வாகப் பார்க்காது, ஒரு இடத்தில் அழித்து இன்னொரு இடத்தில் புதிதாக எழுதியதாகக் காட்டும். அ, ஆ இரண்டையும் அப்படி ஒப்பிட்டுப் பார்த்தோம், பக்கம் முழுக்க நிறம்தான். ஏதாவது ஒரு வரைவு பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் தட்டியதாக இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் ஒரு சொல்கூடப் பொருந்தாது.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. ஒன்று, அடிப்படை வரைவில் இருக்கும் தகவல் சத்தமில்லாமல் ஜெயித்துவிடும். ஆங்கிலேயப் படைத்தலைவரை அ "சர் கில்லெஸ்பி" என்கிறது, ஆ "கர்னல் கில்லெஸ்பி" என்கிறது. வரைவு அ அடிப்படையானால் சர் தங்கிவிடும், முரண் இருந்ததே யாருக்கும் தெரியாது. அவர் 1814இல் கலுங்காவில் செத்தார், சர் பட்டத்துக்கான கௌரவம் அதற்குப் பிறகு 1815இல் வந்தது. 1806இல் அவர் சர் இல்லை.

இரண்டு, நடை. அ "கிளர்ந்தெழுந்தனர்" என்று எழுதுகிறது. இ "இந்தக் கல்லைத் தொட்டுப் பாருங்க" என்கிறது. அவின் நடுவில் இவின் வரியைச் செருகினால், பேசிக்கொண்டிருக்கும்போதே ஆள் மாறியதுபோல் கேட்கும். படிக்கும்போது அவ்வளவாகத் தெரியாது, குரல் பதிவில் பளிச்சென்று தெரியும்.

## வழி 2: துண்டாக வெட்டி அட்டவணையில் அடுக்குவது

எல்லா வரைவையும் செய்தி செய்தியாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஒரு வரிசையாக அட்டவணையில் போடுவது. ஒரு துண்டு என்பது ஒரு காட்சி அல்லது ஒரு கருத்து. இரண்டு வரியும் இருக்கலாம், பத்து வரியும் இருக்கலாம். நம் வரைவுகள் 61 துண்டு ஆயின.

துண்டு எண், எந்த வரைவு, நிகழ்ச்சி நடந்த தேதி, இதெல்லாம் எல்லோரும் போடும் கட்டங்கள். காரியம் நடப்பது வேறு இரண்டு கட்டங்களில். ஒன்றுக்குத் தேவை என்று பெயர்: இந்தத் துண்டு புரிய, பார்ப்பவருக்கு முன்பே என்ன தெரிந்திருக்க வேண்டும்? இன்னொன்று தருவது: இந்தத் துண்டில் முதன்முதலாக என்ன தெரிகிறது?

கயிறு ஏறும் துண்டையே எடுத்துக்கொள்வோம்.

| | துண்டு 38: கயிற்றில் ஏறுதல் (வரைவு ஆ) |
|---|---|
| தேதி | ஜூலை 10, காலை |
| தேவை | கில்லெஸ்பி யார், ஆற்காட்டிலிருந்து வந்தவர், உள்வாசல் அடைத்திருக்கிறது, வாசலுக்கு மேலே மதிலில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் சிலர் உயிரோடு இருக்கிறார்கள் |
| தருவது | அவர் உள்ளே வந்துவிட்டார். பீரங்கி இன்னும் வந்து சேரவில்லை |

இப்படி 61க்கும் எழுதிவிட்டு, நினைத்த வரிசையில் அடுக்கி, மேலிருந்து கீழே ஒருமுறை படிக்கவேண்டும். ஒரு துண்டின் தேவை மேலே எங்கும் தரப்படவில்லை என்றால் அங்கே ஓட்டை. ஒரே தகவல் இரண்டு துண்டின் தருவதில் இருந்தால் அங்கே திரும்பச் சொல்லல். தொடர்ச்சிப் பிழையும் மறுசொல்லும் ஒரே பார்வையில் சிக்கிவிடும். துண்டு 38இல் எங்களுக்குக் கிடைத்த ஓட்டை: மதில்மேல் ஆட்கள் உயிரோடு இருப்பதை ஆ எங்குமே சொல்லவில்லை. கயிற்றை யார் மேலிருந்து இழுத்தார்கள்? அவில் அந்த வரி இருந்தது, எடுத்து முன்னால் வைத்தோம்.

மறுசொல் பிடிக்கும்போது தமிழில் ஒரு சங்கடம் உண்டு. தேடல் கட்டத்தில் "ஆற்காடு" என்று தட்டினால் "ஆற்காட்டிலிருந்து" சிக்காது, டு என்பது ட்டி ஆகிவிடுகிறது. "வேலூர்" என்று தேடினால் "வேலூரில்" வராது, புள்ளி போய்விடுகிறது. ஆகவே வேரை மட்டும் தட்டவேண்டும்: ஆற்கா, வேலூ. பெயரில் இன்னும் மோசம். கில்லெஸ்பி, கில்லஸ்பி, ஜில்லெஸ்பி என்று மூன்று வரைவில் மூன்று விதம். எண்ணில் 1806 என்று ஒருவர், வாசிப்பவருக்கு வசதியாக ஆயிரத்து எண்ணூற்று ஆறு என்று இன்னொருவர். தூரத்தை அ 16 மைல் என்கிறது, ஆ 25 கிலோமீட்டர் என்கிறது. தேடலுக்கு இவை வேறு வேறு, பார்ப்பவருக்கு ஒரே ஆற்காடுதான்.

இன்னும் மாறுவேடம் போட்டு வந்தது 1857. "1857க்கு 51 ஆண்டு முன்பே", "மீரட்டுக்கு அரை நூற்றாண்டு முன்னால்", "முதல் பொறி இங்கேதான்" என்று மூன்று உடையில் ஒரே தகவல், வரைவுகளில் மொத்தம் ஒன்பது முறை. அட்டவணையில் தருவது கட்டத்தில் ஒவ்வொன்றுக்கும் "1857க்கு முந்தையது" என்று ஒரே சொல்லால் எழுதியபோதுதான் ஒன்பது என்று எண்ண முடிந்தது. எட்டை அழித்துவிட்டோமா என்றால், இல்லை. ஒன்றை முழுசாக ஆரம்பத்தில் வைத்தோம். கடைசியில் இன்னொன்றை விட்டோம், அங்கே அது புதிதாக ஒன்றைச் சொல்லிக்கொண்டே வந்தது. ஏழு போயிற்று. ஆற்காட்டுத் தூரத்தையும் இரண்டு இடத்தில் விட்டோம்: முதலில் 25 கிலோமீட்டர் என்று, பிறகு குதிரைகள் வந்து சேரும்போது "அந்த 25 கிலோமீட்டரையும் கடந்து" என்று. "அந்த" வந்தால் அது நினைவூட்டல். அது இல்லாமல் மறுபடி அறிமுகம் செய்தால்தான் பார்ப்பவர் "இதான் சொன்னாங்களே" என்பார்.

முரணையும் இந்த அட்டவணைதான் வெளியே கொண்டுவரும். இறந்த சிப்பாய்கள் எத்தனை பேர்? அவில் 350, இவில் 800. இரண்டும் வெவ்வேறு கணக்கிலிருந்து வந்தவை, இரண்டுமே புத்தகங்களில் இருக்கின்றன. நடுவில் ஒரு எண்ணைப் பிடித்துப் போடுவது தப்பு. "350 என்பார் உண்டு, 800ஐத் தாண்டும் என்பாரும் உண்டு" என்று ஒரே இடத்தில் சொல்லிவிட்டு, மற்ற எல்லா இடத்திலும் எண்ணை எடுத்துவிட்டோம்.

செலவு? நேரம். வெட்டி எழுத ஒரு முழு நாள், அடுக்க அரை நாள். அப்புறம் இன்னொன்று: அடுக்கி முடித்ததும் கையில் இருப்பது ஸ்கிரிப்ட் இல்லை, சரியான வரிசையில் இருக்கும் சீட்டுக் கட்டு. துண்டுக்கும் துண்டுக்கும் இடையே பாலம் கட்ட ஒருவர் உட்கார்ந்து எழுதவேண்டும். அந்தப் பாலத்தை நான்கு பேரும் பிரித்துக்கொண்டால் பழைய கதைதான்.

## வழி 3: தகவலை மட்டும் எடுத்துப் புதிதாக எழுதுவது

நான்கையும் படித்து, தகவல் பட்டியல் ஒன்று போட்டு, வரைவுகளை மூடி வைத்துவிட்டு ஒருவரே எழுதுவது. நடை ஒன்றாக இருக்கும். சுட்டுச்சொல் பிழை அநேகமாக வராது, எந்த வரியும் வேறு இடத்திலிருந்து வந்ததில்லையே. நீளமும் கைக்குள் நிற்கும்.

படம் எதுவும் எடுக்காமல், ஒரு நல்ல எழுதுகிறவர் கையில் இருந்தால் எனக்கு இதுதான் பிடிக்கும். ஆனால் நல்ல வரிகள் காணாமல் போகும். இவில் அகழித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே அந்தப் பெண் எழுதிய வரி, நான் நாற்காலியில் உட்கார்ந்து எழுதினால் வராது. மனஸ்தாபமும் வரும். "நான் எழுதினதுல ஒரு வரிகூட இல்லையேண்ணா" என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பட்டியலை மேசையில் வைக்காமல் ஞாபகத்தில் எழுதினால் புதிய தவறு நுழையும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | வழி 1: ஒட்டுதல் | வழி 2: வெட்டி அடுக்குதல் | வழி 3: புதிதாக எழுதுதல் |
|---|---|---|---|
| எடுத்த படம் இருந்தால் | அந்த வரைவே அடிப்படை என்றால் சரி | மிகப் பொருத்தம் | கஷ்டம் |
| கிளைத்த வரைவுகள் | இதுவே போதும் | வீண் வேலை | வீண் வேலை |
| தனித்தனியே எழுதியவை | ஆபத்து | பொருத்தம் | பொருத்தம் |
| தகவல் முரண் | மறைந்துவிடும் | வெளியே வரும் | பட்டியலில் வரும், கவனித்தால் |
| மறுசொல் | பாதிதான் பிடிபடும் | பிடிபடும் | அநேகமாக வராது |
| ஒரே நடை | உடையும் | பாலம் எழுதுபவரைப் பொறுத்தது | கிடைக்கும் |
| எங்களுக்கு ஆகும் நேரம் | அரை நாள், பிறகு திருத்தம் தனி | ஒன்றரை நாள், எழுத ஒரு நாள் | ஒன்றரை நாள் |

குடியாத்தத்துப் பிள்ளைகளிடம் இருந்தது ஒரே ஆள் மூன்று முறை திருத்திய ஸ்கிரிப்ட். அவர்களுக்கு வழி 1 போதும் என்று சொல்லிவிட்டேன். ஆற்காட்டுக்காரரிடம் இரண்டு பேர் எழுதிய இரண்டு வரைவு, படம் எடுக்கவில்லை, நாளை மறுநாள் குரல் பதிவு. வழி 3.

## சத்துவாச்சாரியில் என்ன செய்தோம்

அ, ஈ இரண்டையும் முதலில் வழி 1இல் ஒன்றாக்கினோம், ஈயில் புதிதாக இருந்தது நாலு வரிதான். பிறகு அதையும் ஆ, இ இரண்டையும் வழி 2. முதலில் மேசையில் ஆணி அடித்தது, படம் எடுத்த இரண்டு துண்டுகளை. ஒன்றில் அந்தப் பெண் உள்வாசலில் நின்று "இப்பதான் பாத்தோமே, அந்த அகழி" என்கிறார். அப்படியானால் அகழி அதற்கு முன்னால் எங்காவது திரையில் வந்தே ஆகவேண்டும். ஆவின் ஆரம்பக் குதிரைக் காட்சிக்கும் இந்தத் துண்டுக்கும் நடுவில் அகழிக்கு இடம் விட்டோம். ஆரம்பம் எடிட்டருடையது, நடு அவுடையது, கோட்டை இவுடையது. பாலம் எல்லாவற்றையும் அந்தப் பெண்ணே எழுதினார், பேசப்போவது அவர்தானே. 1,310 சொல் வந்தது, வாசித்துப் பார்த்து ஐம்பது குறைத்தோம்.

படமாகிவிட்ட இரண்டாவது துண்டில் இரண்டு தவறு இருந்தது. கேமராவைப் பார்த்து "சர் கில்லெஸ்பி" என்கிறார். எடிட்டர் அந்த ஒற்றை "சர்"ரை மட்டும் ஒலியில் வெட்டி, படம் துள்ளும் இடத்தில் வாசல் கதவின் காட்சியை இரண்டு விநாடி மேலே போட்டு மூடினார். அடுத்தது: "இந்தக் கோட்டையிலதான் திப்பு குடும்பமும் கண்டி ராஜாவும் கைதியா இருந்தாங்க." ஒரே மூச்சில் சொன்ன வரி, வெட்ட இடமே இல்லை. மறுபடி கோட்டைக்குப் போய் எடுக்கலாம் என்றால் அந்தப் பெண் அன்று கட்டியிருந்த புடவை அக்கா வீட்டுக்கு வாணியம்பாடி போய்விட்டது. கடைசியில் வரியை அப்படியே விட்டு, திரையின் கீழே எழுத்து போட்டோம்: "கண்டி அரசர் இங்கு வந்தது 1816இல், அதற்குள் திப்பு குடும்பம் கல்கத்தாவில்." மூன்று விநாடி நிற்கும். படிக்க நேரம் வேண்டுமே என்று, அவர் பேசி முடித்துக் கோபுரத்தைத் திரும்பிப் பார்க்கும் இடத்தைத் தம்பி கொஞ்சம் நீட்டி வைத்திருக்கிறான்.